குத்துவிளக்கின் விலை ஏன் ஏறியது?

“குத்துவிளக்கை இந்த விலைக்குப் போட்டா யார் வாங்குவா?”

கிள்ளானில் உள்ள எங்கள் பூசைப் பொருள் கடையில் ஒரு சனிக்கிழமை அம்மா கேட்ட கேள்வி இது. விலைச்சீட்டை ஒட்டியது தம்பி. ஆனால் அந்த விலையைக் கணினியில் ஏற்றியது நான்.

வாரநாள்களில் வானொலியில் பேசுவது என் வேலை. சனிக்கிழமைகளில் கடைக் கணக்கு. சரக்கு தமிழ்நாட்டிலிருந்து வருகிறது, பில்லும் தமிழிலேயே அச்சாகி வருகிறது. எங்கள் கணக்காளருக்கோ எல்லாம் ஆங்கிலக் கணக்கு மென்பொருளில் இருக்க வேண்டும். பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்து சலித்துப்போய், பில்களை ஸ்கேன் செய்து, டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரி மென்பொருளிடம் படிக்கக் கொடுத்தேன்.

```
tesseract bill.png out -l tam+eng --psm 6
```

தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துப் படி என்பது `tam+eng`. கடைசியில் உள்ள 6, பக்கத்தை ஒரே பத்தியாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அது இல்லாவிட்டால், சில பில்களில் பொருள்களின் பெயர்களை எல்லாம் முதலில் படித்துவிட்டு, விலைகளை வேறொரு இடத்தில் கொட்டிவிடும். எந்த விலை எந்தப் பொருளுக்கு என்பதே தெரியாது. ஸ்கேன் 300 டிபிஐ இருந்தால் எழுத்து தெளிவாக விழும்.

முதலில் வம்பு செய்தவை பெயர்கள். மங்கலான அச்சில் புள்ளிகள் காணாமல் போகும். ‘கற்பூரம்’ என்பது ‘கறபூரம’ ஆகும். துணைக்காலும் ‘ர’வும் ஒன்றுபோல் தெரிவதால் ‘சாம்பிராணி’ சில நேரம் ‘சரம்பிரரணி’ ஆகிவிடும். இதை மொழிபெயர்ப்பு மென்பொருளிடம் கொடுத்தால் என்னவெல்லாமோ வரும். அதனால் மொழிபெயர்ப்பதையே விட்டுவிட்டேன். நாங்கள் வாங்கும் பொருள்களுக்கு ஒரு பட்டியல் போட்டேன்: ஒரு பக்கம் தமிழ்ப் பெயர், எதிரே கணக்கில் போகவேண்டிய ஆங்கிலப் பெயர். ஒப்பிடும்போது மட்டும் இரண்டு பக்கத்திலும் புள்ளிகளை நீக்கி, துணைக்காலை ‘ர’வாக மாற்றிவிடுவேன். ‘சரம்பிரரணி’யும் ‘சாம்பிராணி’யும் அப்போது ஒன்றாகிவிடும். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் அதை நானே பார்ப்பேன்.

பெயர் தவறினால் கண்ணில் பட்டுவிடும். எண் தவறினால் படாது. ‘கறபூரம’ என்பது பிழை என்று யாருக்கும் தெரியும். 2850 என்பது பிழை என்று எப்படித் தெரியும்?

குத்துவிளக்குக்கு நடந்தது அதுதான். பில்லில் ஒரு விளக்கின் விலை ₹850. எழுத்துணரி அந்த ரூபாய்க் குறியை 2 என்று படித்துவிட்டது. சில நேரம் அதை 7 என்றும் படிக்கும். நான் கவனிக்காமல் 2850 என்று ஏற்றினேன். அடக்கவிலை மூன்று மடங்குக்கும் மேல் போனது. விற்பனை விலையும் கூடவே ஏறிவிட்டது.

எண்களை எண்களே காட்டிக்கொடுக்கும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அந்த பில்லில் இருந்தவை நான்கே வரிகள்: கற்பூரம் 20 பாக்கெட், 45 ரூபாய் வீதம் 900. விபூதி 30, 18 வீதம் 540. ஊதுவத்தி 48, 25 வீதம் 1,200. குத்துவிளக்கு 6, 850 வீதம் 5,100. மொத்தம் 7,740. விளக்கின் விலை 2850 என்றால் ஆறு விளக்குக்கு 17,100 வரவேண்டும். பில்லில் இருப்பதோ 5,100. அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

இப்போது விரிதாளில் ஒவ்வொரு வரிக்கும் இந்தச் சூத்திரம் உண்டு. B எண்ணிக்கை, C விலை, D தொகை:

```
=B2*C2-D2
```

விடை சுழியம் வராத வரி கணக்கில் ஏறாது. அடுத்து, எல்லா வரிகளையும் கூட்டினால் பில்லின் மொத்தத் தொகை வரவேண்டும். எழுத்துணரி ஒரு வரியையே விட்டுவிட்டால், முதல் சோதனைக்கு அது தெரியாது. இரண்டாவது சோதனை பிடித்துவிடும். வண்டிச் சத்தம், வரி, சில்லறைச் சரிக்கட்டல் போன்றவை இருந்தால் அவற்றையும் தனி வரிகளாகப் போடவேண்டும். இல்லாவிட்டால் சரியான பில்லும் தவறு என்று வந்து நிற்கும்.

கூட்டல் பெருக்கலுக்கு அகப்படாதவை இரண்டு: பில் எண், தேதி. 03/04 என்பது பில்லில் ஏப்ரல் 3. தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் மென்பொருள் அதை மார்ச் 4 ஆக்கிவிடும். அந்த நாளின் மாற்று விகிதத்தில் ரூபாயை வெள்ளியாக்கினால் அடக்கவிலையும் மாறிவிடும். பேனாவால் அடித்துத் திருத்திய எண்ணிக்கையையும் எழுத்துணரி நம்பகமாகப் படிப்பதில்லை.

ஆகவே அந்த வேலை அம்மாவுக்கு. மூல பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணையும் தேதியையும் அவர் உரக்கப் படிப்பார். நான் திரையில் சரிபார்ப்பேன். ஏப்ரல் என்று அவர் மாதத்தின் பெயரைச் சொல்வதால் நாளும் மாதமும் இடம் மாற வழியில்லை.

விலைச்சீட்டை அன்றே மாற்றினோம். அந்த ஆறு விளக்குகளும் விற்றுவிட்டன.