புள்ளி பிசகாமல் சதுரமாகும் முக்கோணம்

ஒரு புள்ளி, அதன் கீழ் இரண்டு, அதன் கீழ் மூன்று என்று வரிசைக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போனால் முக்கோணம் உருவாகும். இரண்டு வரிசையோடு நிறுத்தினால் 3 புள்ளி, மூன்றில் 6, நான்கில் 10, ஐந்தில் 15. இப்படி 1, 3, 6, 10, 15, 21, 28, 36 என்று நீள்பவை முக்கோண எண்கள். வரிசைக்கு எத்தனை புள்ளியோ அத்தனை வரிசை என்று அடுக்கினால் கிடைப்பவை சதுர எண்கள்: 1, 4, 9, 16, 25, 36. எண்களைக் கூழாங்கல்லாகப் பரப்பிப் பார்க்கும் வழக்கம் பழங்கிரேக்கத்தில் பித்தகோரஸ் வழி வந்தவர்களிடம் இருந்தது. நான்கு வரிசையில் பத்துப் புள்ளி கொண்ட முக்கோணத்தை அவர்கள் புனிதச் சின்னமாகவே கொண்டாடினார்கள். புனிதம் ஒருபுறம் இருக்கட்டும், கல்லை அடுக்கிப் பார்த்ததில் அவர்கள் கண்டவை இன்றும் செல்லும்.

முக்கோணத்தைக் கோபுரம் போல நடுவில் கூம்ப வைத்தால் சதுரத்தோடு அதற்கு உள்ள உறவு கண்ணில் படாது. எல்லா வரிசையையும் இடது பக்கமாகத் தள்ளிப் படிக்கட்டு போல நிறுத்த வேண்டும். அப்போது அந்தப் படிக்கட்டின் மேல் இன்னொரு படிக்கட்டைத் தலைகீழாகக் கவிழ்க்க முடியும்.

● ○ ○ ○
● ● ○ ○
● ● ● ○
● ● ● ●

நிரப்பிய புள்ளிகள் 1+2+3+4, ஆக 10. வெற்றுப் புள்ளிகள் 3+2+1, ஆக 6. இரண்டும் சேர்ந்தால் நாலுக்கு நாலு சதுரம், 16. அடுத்தடுத்த எந்த இரண்டு முக்கோண எண்களைக் கூட்டினாலும் சதுர எண்தான் வரும். 15-ம் 21-ம் சேர்ந்தால் 36, 21-ம் 28-ம் சேர்ந்தால் 49. கி.பி. 100-ஐ ஒட்டி வாழ்ந்த நிக்கோமாக்கஸ் தம் எண்கணித நூலில் இதைச் சொல்லியிருக்கிறார்.

கோலம் போடுகிறவர்களுக்கு இந்தச் சதுரம் வேறு கோணத்தில் பழக்கம். நடுவில் நான்கு புள்ளி வைத்து, மேலும் கீழும் இடைப்புள்ளியாக 3, 2, 1 என்று குறைத்துக்கொண்டே போனால் வாசலில் விழுவது மேலே சொன்ன அதே பதினாறுதான். சதுரத்தை மூலையில் நிற்க வைத்தது போல இருக்கும். நடு வரிசையை மேல்பாதியோடு சேர்த்தால் அங்கே 10, கீழே 6.

இதில் வழக்கமாக நேரும் பிழை ஒன்று உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு முக்கோணங்களை ஒட்டிவிட்டுச் சதுரம் வரும் என்று எதிர்பார்ப்பது. பத்தும் பத்தும் சேர்ந்தால் நாலுக்கு ஐந்து செவ்வகம்தான் வரும், ஒரு பக்கம் ஒன்று கூடிவிடும். பிழை என்றாலும் வீணில்லை. அந்தச் செவ்வகத்தின் 20-இல் பாதி ஒரு முக்கோணம் என்பதால், எத்தனை வரிசை முக்கோணமானாலும் ஒவ்வொன்றாக எண்ணத் தேவையில்லை. வரிசை எண்ணிக்கையை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கிப் பாதியாக்கினால் போதும். நூறு வரிசைக்கு 100 × 101 ÷ 2, அதாவது 5050.

இந்தச் செவ்வகத்தை வைத்தே இன்னொரு சதுரமும் கட்டலாம். ஒரே அளவு முக்கோணங்கள் எட்டு இருந்தால் அவை நான்கு செவ்வகமாகும். நடுவில் தனிப் புள்ளி ஒன்றை வைத்து, நான்கு செவ்வகங்களையும் காற்றாடியின் இறக்கைகள் போல ஒன்றன் வால் மற்றொன்றின் பக்கத்தில் வருமாறு சுற்றி வைத்தால் இடைவெளியே இல்லாத சதுரம் கிடைக்கும். மூன்று புள்ளி முக்கோணத்தை எடுத்துக்கொண்டால் செவ்வகம் இரண்டுக்கு மூன்று. அப்படி நான்கு செவ்வகத்தில் 24 புள்ளி, நடுவில் ஒன்று, மொத்தம் 25. ஐந்துக்கு ஐந்து சதுரம். புளூடார்க் காலத்திலேயே தெரிந்திருந்த கணக்கு இது.

ஓர் எண் முக்கோண எண்ணா என்று சோதிக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. எண்ணை எட்டால் பெருக்கி ஒன்று கூட்ட வேண்டும், வருவது சதுர எண்ணாக இருக்க வேண்டும். 55-ஐ எடுத்தால் 441, அது 21-இன் வர்க்கம். ஆகவே 55 முக்கோண எண். 21-இல் ஒன்று கழித்துப் பாதியாக்கினால் 10, அத்தனை வரிசை. 50-ஐ எடுத்தால் 401. இருபதின் வர்க்கமான 400-ஐ ஒன்றால் தாண்டிவிட்டது. ஆகவே 50 புள்ளிகளை எப்படி அடுக்கினாலும் முக்கோணம் முழுமையாகாது.

இதுவரை சதுரம் செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட முக்கோணங்கள் தேவைப்பட்டன. ஒரே முக்கோணத்தைக் கலைத்து, ஒரு புள்ளியும் மிஞ்சாமல் குறையாமல் சதுரமாக அடுக்க முடியுமா என்பதுதான் சுவையான கேள்வி. 3, 6, 10, 15, 21, 28 எதுவும் சரிப்படாது. எட்டு வரிசை முக்கோணத்தில் 36 வருகிறது, அது ஆறுக்கு ஆறு. முப்பத்தாறு புளியங்கொட்டை இருந்தால் செய்து பார்க்கலாம். ஆறு கொட்டை உள்ள வரிசையைத் தொட வேண்டாம். ஐந்தோடு ஒன்று, நாலோடு இரண்டு சேர்ந்தால் இன்னும் இரண்டு ஆறு. எட்டில் இரண்டையும் ஏழில் ஒன்றையும் எடுத்து, மிச்சமிருக்கும் மூன்றோடு வைத்தால் மூன்று வரிசையும் ஆறாகிவிடும்.

அடுத்தது எங்கே வரும் என்பதைக் கொட்டை வைத்துத் தேட முடியாது, அது அவ்வளவு தொலைவில் இருக்கிறது. முக்கோணத்தின் வரிசை எண்ணிக்கையை இரட்டித்து ஒன்று கூட்டியதை முதல் எண் என்றும், சதுரத்தின் பக்கத்தை இரட்டித்ததை இரண்டாம் எண் என்றும் வைத்துக்கொள்ளலாம். 36-க்கு அவை 17, 12. முதல் எண்ணின் வர்க்கம் 289, இரண்டாவதன் வர்க்கத்தில் இருமடங்கு 288, வித்தியாசம் ஒன்று. எட்டால் பெருக்கி ஒன்று கூட்டும் சோதனையே இங்கே இந்த வடிவில் வந்து நிற்கிறது. இத்தகைய சோடி ஒன்று கையில் இருந்தால் அடுத்த சோடியை உண்டாக்கும் முறையை 628-இல் பிரம்மகுப்தர் எழுதி வைத்தார். அதன்படி முதல் எண்ணின் மூன்று மடங்கும் இரண்டாவதன் நான்கு மடங்கும் சேர்ந்தது புதிய முதல் எண்: 51 + 48 = 99. முதலின் இரு மடங்கும் இரண்டாவதன் மும்மடங்கும் சேர்ந்தது புதிய இரண்டாம் எண்: 34 + 36 = 70. 99-இல் ஒன்று கழித்துப் பாதியாக்கினால் 49 வரிசை, 70-இல் பாதி 35 பக்கம். 49 × 50 ÷ 2 = 1225, 35 × 35-ம் 1225.

இன்னொரு முறை இதையே செய்தால் 288 வரிசையும் 204 பக்கமும் கிடைக்கும், எண் 41,616. அதற்கடுத்தது 14,13,721. முறை எங்கும் தடைப்படாது என்பதால் இந்த வரிசைக்கு முடிவில்லை. ஆனால் மிக அரிதாகவே வரும். பத்து லட்சத்துக்குள் முக்கோண எண்கள் 1,413, சதுர எண்கள் 1,000. இரண்டுமாக இருப்பவை 1, 36, 1225, 41,616 ஆகிய நான்கு மட்டுமே.