தேவாலாவில் வெட்டிய குளம், மசினகுடியில் வற்றிய கிணறு

ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையில், 'நாங்கள் எடுத்த தண்ணீர் முழுவதையும் இயற்கைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம்' என்று எழுதியிருக்கிறது. கணக்கைச் சரிபார்த்தவரின் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பெனிக்குப் பக்கத்தில் உள்ள உங்கள் கிணறு வற்றிக் கிடக்கிறது. பொய் சொன்னது யார்? யாருமே பொய் சொல்லாமலும் இப்படி நடக்கலாம்.

எப்படி என்கிறீர்களா? நம் மலையையே எடுத்துக்கொள்வோம். மசினகுடி மழை மறைவுப் பக்கம். இங்கே விழும் நீர் மோயாற்றில் சேர்ந்து பவானிசாகருக்குப் போகிறது. கூடலூரைத் தாண்டி இருக்கும் தேவாலாவில் மழை கொட்டித் தீர்க்கும். அந்த நீர் பாண்டியாறு வழியாக மேற்கே கேரளத்துக்கு இறங்கிவிடும். இப்போது ஒரு கற்பனைக் கம்பெனி மசினகுடியில் ஆழ்துளைக் கிணறு போட்டு ஆண்டுக்கு ஒரு கோடி லிட்டர் எடுக்கிறது என்று வையுங்கள். அதே கம்பெனி தேவாலாவில் குளம் வெட்டி ஒரு கோடி லிட்டர் மழைநீரைச் சேமிக்கிறது. அறிக்கையில் 'எடுத்ததும் கொடுத்ததும் சமம்' என்று எழுதலாம். இரண்டு எண்களும் சரி. ஆனால் தேவாலாக் குளத்திலிருந்து ஒரு சொட்டுகூட மசினகுடிக்கு வராது.

எண்களில் தவறில்லாமல், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தேர்வினாலேயே தன்னைச் சுற்றுச்சூழல் காவலனாகக் காட்டிக்கொள்வது பசுமைப் பூச்சின் (உண்மையில் இருப்பதைவிட அதிக அக்கறை இருப்பதுபோல் தோற்றம் தருவதன்) நுட்பமான வகை. அப்பட்டமான பொய்யை யாராவது ஒரு நாள் பிடித்துவிடுவார்கள். இதைப் பிடிப்பதுதான் கடினம்.

உண்மையில் நடந்திருக்கிறதா? கோகோ கோலாவைப் பாருங்கள். பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கிய அதன் ஆலை, நிலத்தடி நீர் குறைந்து கெட்டுவிட்டது என்ற மக்கள் போராட்டத்துக்குப் பின் 2004-இல் நின்றது. அங்கே ஏற்பட்ட சேதம் 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று கேரள அரசு அமைத்த குழு 2010-இல் மதிப்பிட்டது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. இடையில், 2007-இல், பானத்திலும் அதன் தயாரிப்பிலும் செலவாகும் நீருக்கு ஈடான நீரை இயற்கைக்குத் திருப்பித் தருவோம் என்று உலக அளவில் அது உறுதியளித்திருந்தது. 2020-க்கு வைத்த இலக்கைக் குறித்த காலத்துக்கு முன்பே தாண்டிவிட்டதாக 2016-இல் அறிவித்தது. திருப்பிய அளவு 115 சதவீதமாம்.

இந்த 115 சதவீதம் எதில்? இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். கணக்கில் வந்தது விற்ற பானத்தின் அளவு நீர். அந்தப் பானத்துக்கான சர்க்கரையை விளைவிக்கச் செலவான நீர் வரவில்லை. அது எவ்வளவு பெரிது என்பதை நிறுவனமே ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில் சொல்லியிருக்கிறது. நெதர்லாந்து ஆலையில் தயாரான அரை லிட்டர் பாட்டில் ஒன்றுக்கு மொத்தம் சுமார் 35 லிட்டர் நீர். அதில் சுமார் 28 லிட்டர் சர்க்கரைக் கிழங்கு வயலுக்கானது. ஆலைக்குள் செலவானது இதன் பக்கத்தில் மிகச் சிறியது.

ஆக, நிறுவனம் எதையும் மறைக்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 35 லிட்டரும் பொதுவெளியில் இருந்தது, 115 சதவீதமும் இருந்தது. ஆனால் ஒன்று சிலர் மட்டும் படிக்கும் ஆய்வில். மற்றொன்று எல்லோரும் படிக்கும் தலைப்பில். தலைப்பைப் படித்த சாதாரண வாசகர் 'பயன்படுத்திய நீர் முழுவதும் திரும்பிவிட்டது' என்றுதான் நம்புவார். அந்த நம்பிக்கை தவறு என்பதை அறிய வேண்டிய எண் எழுதியவரின் கையிலேயே இருந்தது. என் கருத்தில் நேர்மைக்கான அளவுகோல் இதுதான்: வாசகர் என்ன நம்பிவிட்டுப் போவார் என்று தெரிந்தும் திருத்தாமல் விட்டால், ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தாலும் அது ஏமாற்றுதான். எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் சொல்ல முடியாது என்பது சரி. ஆனால் 'பானத்தின் அளவு மட்டும்' என்று சேர்க்க மூன்று சொற்கள் போதும்.

இந்தியாவில் இதற்கு விதி இல்லையா? உண்டு. பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் பி.ஆர்.எஸ்.ஆர் (தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) தர வேண்டும் என்று செபி (பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியம்) கட்டாயமாக்கியது. நிறுவனத்தின் பெயருடன் BRSR என்று தேடினால் கிடைக்கும். வண்ணப் படங்கள் உள்ள பக்கங்களை விட்டுவிட்டு நேராக இந்தப் படிவத்துக்குப் போங்கள்.

அதில் ஆறாவது கோட்பாடு சுற்றுச்சூழல் பற்றியது. அதன் கட்டாயக் கேள்விகளில் ஒன்று நமக்கு மிக அருகில் உள்ளது. தேசியப் பூங்கா, சரணாலயம், உயிர்க்கோளக் காப்பகம் போன்ற இடங்களிலோ அவற்றைச் சுற்றியோ உங்களுக்குச் செயல்பாடு உண்டா என்று கேட்கிறது. மசினகுடி முதுமலைப் புலிகள் காப்பகத்தின் வெளிவட்டப் பகுதியில், நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் இருக்கிறது. எனவே இங்கே இடம் வைத்திருக்கும் நிறுவனம் 'உண்டு' என்று எழுதியாக வேண்டும் என்று நினைப்பீர்கள். ஆனால் கேள்வியின் நடுவே ஒரு நிபந்தனை இருக்கிறது: 'சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும்' செயல்பாடுகள். அப்படி அனுமதி தேவைப்படாத தொழில் என்றால் 'பொருந்தாது' என்று எழுதலாம். சட்டப்படி சரி. ஆனால் அதைப் படிப்பவர், காட்டுப் பக்கமே இவர்களுக்கு வேலை இல்லை என்று எண்ணிவிடுவார். எனவே 'பொருந்தாது' என்று பார்த்ததும் நின்றுவிடாதீர்கள். அதே அறிக்கையில் ஆலைகளும் அலுவலகங்களும் உள்ள இடங்களின் விவரத்தைத் தேடி ஒப்பிடுங்கள்.

இன்னொரு இடம், நீர்ச் செலவு அட்டவணை. மொத்த லிட்டரும், ஒரு ரூபாய் விற்பனைக்கு எத்தனை லிட்டர் என்பதும் அதில் இருக்கும். தலைப்பில் வருவது பெரும்பாலும் இரண்டாவது. நீர் 100-லிருந்து 120 ஆகி, விற்பனை 100-லிருந்து 150 ஆனால், ரூபாய்க்கான நீர் 20 சதவீதம் குறைந்துவிடும். விலையை ஏற்றியே இந்தக் 'குறைப்பை'க் காட்டிவிடலாம். பூமியிலிருந்து எடுத்த நீரோ 20 சதவீதம் கூடியிருக்கிறது. கிணற்றுக்கு முக்கியம் மொத்த அளவுதான். தண்ணீர்ப் பற்றாக்குறைப் பகுதியில் எடுத்தது எவ்வளவு என்ற கேள்வியும் படிவத்தில் உண்டு. ஆனால் அது விருப்பம் இருந்தால் மட்டும் பதில் சொல்லும் பகுதியில் இருப்பதால், காலியாக விடப்பட்டிருந்தாலும் விதிமீறல் ஆகாது.

சரி, 'ஈகோ' என்று பலகை வைத்திருக்கும் சிறிய ரிசார்ட்டுகள்? அவை பங்குச்சந்தையில் இல்லை என்பதால் இந்தப் படிவம் அவற்றுக்கு இல்லை. சீகூர் பகுதியின் யானை வழித்தடத்தை உறுதிசெய்து 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை இங்கே எல்லோரும் அறிவோம். குப்பையைப் பிரித்து, சூரிய மின்சாரத்தில் ஓடும் விடுதியும் யானை நடக்கும் பாதையில் வேலி போட்டு நிற்கலாம். முதல் இரண்டை மட்டும் சொல்லும் விளம்பரத்தில் பொய் இருக்காது. இவற்றுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பொருந்தும். 'பசுமை', 'இயற்கைக்கு உகந்தது' என்று பொதுவாகச் சொன்னால் ஆதாரம் காட்ட வேண்டும். சாதகமான தகவலை மட்டும் பொறுக்கிச் சொல்லக் கூடாது. புகாருக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். ஒரு குறிப்பிட்ட பொருளையோ சேவையையோ சுட்டாத, 'பசுமையே எங்கள் பாதை' போன்ற நிறுவன முழக்கங்கள் மட்டும் இதில் அகப்படாது.

பெரிய நிறுவனத்திடம் யார் கேட்பது என்று தயங்க வேண்டாம். பி.ஆர்.எஸ்.ஆர் படிவத்தின் முதல் பகுதியிலேயே, அறிக்கை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவரின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும். அவருக்கு எழுதுங்கள்: எந்த ஊரில், எந்த ஆற்றின் படுகையில், எவ்வளவு எடுத்தீர்கள், அதே படுகையில் எவ்வளவு திருப்பினீர்கள்? பதிலில் ஊர்ப் பெயரும் லிட்டரும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் மொத்தச் சதவீதம் மட்டும் மறுபடி வந்தால், அந்தப் பதிலை இணைத்து, 'ஊர் வாரியாகக் கேட்டேன்' என்று இன்னொரு முறை எழுதுங்கள்.