வகுப்பறைக்கு வேண்டிய இரண்டு எண்கள்

புதிதாகக் கட்டும் வகுப்பறைக் கட்டடத்துக்கான ஒலியமைப்புக் குறிப்பில் முக்கியமான எண்கள் இரண்டுதான். அறைக்குள் எதிர்முழக்க நேரம் 0.6 வினாடியைத் தாண்டக் கூடாது. இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவே உள்ள சுவரின் ஒலித்தடுப்பு மதிப்பு (எஸ்.டி.சி.) 50-க்குக் குறையக் கூடாது. அமெரிக்காவில் 2002-இல் வெளியான பள்ளிக்கூட ஒலித் தரநிலை, வழக்கமான அளவுள்ள வகுப்பறைகளுக்கு வைத்த வரம்புகள் இவை.

ஒலி நின்ற பிறகு அதன் அளவு 60 டெசிபல் குறைய ஆகும் நேரமே எதிர்முழக்க நேரம். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேச்சே விளங்கவில்லை. சரிசெய்யும் பொறுப்பு இளம் ஆசிரியரான சபைனிடம் வந்தது. காலி மண்டபத்தில் ஒலி அடங்க ஐந்து வினாடிக்கு மேல் ஆனது. பேசுபவர் அடுத்தடுத்த சொற்களைச் சொல்லும்போதும் முதல் சொல் காற்றில் நின்றது. அவர் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒவ்வொரு முறையும் நேரத்தை அளந்தார். அவருக்குக் கிடைத்த விதி எளிது: T = 0.161 × V ÷ A. V அறையின் கனஅளவு. A அறையிலுள்ள பொருள்கள் எல்லாம் சேர்ந்து உறிஞ்சும் அளவு, சதுர மீட்டரில். ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல், தன்மேல் விழும் ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடுவதால், அதை ஓர் அலகு என்று கொள்ளலாம்.

நம் ஊர் வகுப்பறை ஒன்றில் இதைப் போட்டுப் பார்க்கலாம். நீளம் 8 மீட்டர், அகலம் 6, உயரம் 3.2. கனஅளவு சுமார் 154 கன மீட்டர். பூசிய சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை எதுவும் ஒலியில் நூற்றில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் உறிஞ்சாது. பெஞ்சு, கதவு, கண்ணாடி எல்லாம் சேர்த்தால் A ஏறக்குறைய 8. விடை 3 வினாடி. பிள்ளைகள் 35 பேர் உட்கார்ந்தால் அவர்களுடைய உடலும் உடையும் இன்னொரு 10 அலகு தரும், அப்போதும் 1.3 வினாடிக்குமேல் இருக்கும். ஆசிரியர் நீட்டிச் சொல்லும் உயிரொலி அடங்குவதற்குள், அதைவிட மெலிதான மெய்யொலி வந்து அதில் மூழ்கிவிடுகிறது. கடைசி பெஞ்சில் 'பள்ளி', 'பல்லி' இரண்டும் ஒன்றாகிவிடும். அங்கே ஆசிரியர் குரலை உயர்த்தினால் எதிர்முழக்கமும் கூடவே உயருமே தவிர, தெளிவு கூடாது.

காலி அறையிலேயே 0.6 கிடைக்க A 41 ஆக வேண்டும். 48 சதுர மீட்டர் கூரை முழுக்க, விழும் ஒலியில் 70 சதவீதம் உறிஞ்சும் பலகைகளைப் பொருத்தினால் குறை ஏறக்குறைய தீர்ந்துவிடும். ஆனால் கூரையோடு நிறுத்திவிடக் கூடாது. எதிரெதிரான வெறும் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்வந்து படபடக்கும். கைதட்டினால் அது தெளிவாகக் கேட்கும். பின்சுவரின் மேற்பாதியில் 1.2 மீட்டர் உயரத்துக்கு ஒரு பட்டையாகப் பலகை வைத்தால் படபடப்பும் தணியும், நேரமும் 0.53-க்கு இறங்கும்.

இனி சுவர். இருபுறமும் பூசிய 23 செ.மீ. செங்கல் சுவர் 50-ஐ எட்டிவிடும். ஆனால் அந்த எண் ஓட்டையில்லாத சுவருக்குத்தான். நம் அறையின் நடுச்சுவர் 19 சதுர மீட்டர். அதில் வயர் போக 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. உயரத்தில் ஓர் ஓட்டை போட்டு அடைக்காமல் விட்டால், பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கே திறந்திருக்கிறது. தடுப்போ 50-இலிருந்து 30-க்கு விழுந்துவிடும். 70 டெசிபலில் பாடம் எடுக்கும் பக்கத்து ஆசிரியரின் பேச்சு, 20 டெசிபலாகி மறைந்துபோவதற்குப் பதிலாக, 40 டெசிபலில் வந்து சேரும். அமைதியான அறையில் சொற்களே புரியும். சுவரைப் பொய்க்கூரை வரை மட்டும் கட்டி நிறுத்துவதும், இருபுறமும் ஒரே இடத்தில் சுவிட்ச் பெட்டி பதிப்பதும் இதே வகைப் பிழை. சுவர் தளம் வரை ஏறவேண்டும். இடுக்குகள் அடைபட வேண்டும்.

ஜன்னலைத் திறந்துவைக்கும் நம் ஊரில் இன்னொரு வழியும் உண்டு. அடுத்தடுத்த அறைகளின் கதவும் ஜன்னலும் ஒரே தாழ்வாரத்தில் பொதுச்சுவரை ஒட்டி இருந்தால், ஒலி சுவரைத் தொடாமலே சுற்றிவந்துவிடும். அந்தத் திறப்புகளைப் பொதுச்சுவரிலிருந்து தள்ளி வைப்பது வரைபடத்திலேயே முடியக்கூடிய செலவில்லாத வேலை. திறந்த ஜன்னல் எதிர்முழக்கத்தைக் குறைக்கும், சாலையின் இரைச்சலையும் உள்ளே விடும்; அந்தத் தரநிலை கேட்கும் 35 டெசிபல் பின்னணி அமைதி மின்விசிறி ஓடும் அறையில் கிடைப்பது கடினம். அதனால்தான் எதிர்முழக்கத்தை விட்டுக்கொடுக்கவே முடியாது என்கிறேன்.

எஸ்.டி.சி. ஆய்வுக்கூடத்தில் அளந்த எண். கட்டிய இடத்தில் அது சில டெசிபல் குறைந்துதான் வரும். எனவே பள்ளி கட்டும் நிர்வாகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பெஞ்சுகள் போட்ட, ஆளில்லாத அறையில் எதிர்முழக்கத்தையும், இரு அறைகளுக்கு நடுவே உள்ள ஒலித்தடுப்பையும் அளந்து காட்டிய பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.