‘டிஸ்க் நழுவுதல்’ என்பது என்ன?

“டிஸ்க் நழுவிவிட்டது என்று அறிக்கையில் உள்ளதே, அதை மீண்டும் உள்ளே தள்ள இயலாதா?” என நோயாளிகள் எங்களிடம் கேட்பதுண்டு. முதுகெலும்பின் அமைப்பை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என முள்ளெலும்புகள் அடுக்கப்பட்டுள்ளன. இயல்பான முள்ளெலும்பின் முன்புறம் எடை தாங்கும் உருளை போன்ற உடற்பகுதியும், பின்புறம் நரம்புகளைக் காக்கும் வளைவும் உண்டு. கழுத்து முள்ளெலும்புகள் சிறியவை. அவற்றின் பக்கங்களில் துளைகள் இருக்கும். மார்புப் பகுதி முள்ளெலும்புகளில் விலா எலும்புகள் பொருந்தும் இடங்கள் உள்ளன. விலாக்கூடு இறுகப் பிடித்திருப்பதால் அங்கு அசைவு குறைவு; டிஸ்க் நழுவுவதும் அரிது. இடுப்பு முள்ளெலும்புகளில் இவ்விரண்டும் இல்லை. உடலின் எடையைச் சுமப்பதற்கேற்ப அவை பருத்துள்ளன.

சில முள்ளெலும்புகள் இந்த இயல்பிலிருந்து மாறுபட்டவை. கழுத்தின் முதல் எலும்புக்கு உடற்பகுதியே இல்லை. அது தலையைத் தாங்கும் ஒரு வளையம். இரண்டாவது எலும்பிலிருந்து எழும் முளையைச் சுற்றி அவ்வளையம் சுழல்வதால்தான் நாம் தலையைத் திருப்புகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே டிஸ்க் கிடையாது.

அதற்குக் கீழே, முள்ளெலும்புகளின் உடற்பகுதிகளுக்கு இடையே டிஸ்க் என்னும் தட்டு உள்ளது. அதன் வெளிப்புறம், வெங்காயத் தோல்போல் பல அடுக்குகளாலான வலிய நார்வளையம். நடுவில் நீர் மிகுந்த கூழ். மேலும் கீழும் மெல்லிய குருத்தெலும்புத் தகடுகள். நார்வளையம் எலும்புகளோடு உறுதியாகப் பிணைந்திருப்பதால் தட்டு முழுவதும் நழுவுவதில்லை. வளையம் கிழியும்போது உள்ளிருக்கும் கூழே பிதுங்குகிறது. அதனைத் தள்ளி உள்ளே வைக்க இயலாது; ஆனால் பிதுங்கிய பகுதியை உடலே நாளடைவில் கரைத்துச் சுருக்குவதுண்டு.

45 வயதுடைய ஒருவர் குனிந்து அரிசி மூட்டையைத் தூக்குகிறார் எனக் கொள்வோம். இடுப்பில் தொடங்கிய வலி காலின் வெளிப்புறமாக இறங்கிப் பெருவிரல்வரை செல்கிறது. பெருவிரலை மேல்நோக்கி உயர்த்தும் வலிமையும் குறைகிறது. அறிக்கையில் ‘எல் 4 – எல் 5’ என்றிருக்கிறது. இடுப்பின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு என்பது அதன் பொருள். நார்வளையம் பின்புறம் மெல்லியது. பின்புற நடுவில் ஒரு தசைநார் தடுத்து நிற்பதால், கூழ் பெரும்பாலும் பின்பக்க ஓரமாகப் பிதுங்குகிறது. நான்காம் நரம்பு அத்தட்டுக்கு மேலேயே வெளியேறிவிடுகிறது; அதைக் கடந்து கீழிறங்கும் ஐந்தாம் நரம்பே அழுத்தப்படுகிறது. வலி காலுக்குச் செல்வது இதனால்தான்.

இத்தகைய வலி பெரும்பாலோர்க்கு அறுவையின்றியே சில வாரங்களில் தணிகிறது. ஆனால் சிறுநீர் கழிக்க இயலாமை, மலம் அடக்க இயலாமை, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போதல், கால்களில் பெருகிவரும் பலவீனம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டுகிறோம்.