மயாமியில் கூலி குறைந்ததா?

1980 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் படகுகளில் அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள். பாதிப் பேர் மயாமியிலேயே தங்கிவிட, சில மாதங்களுக்குள் அந்நகரின் தொழிலாளர் எண்ணிக்கை 7 சதவீதம் கூடியது. உள்ளூர்க்காரர்களின் கூலி இதனால் சரிந்ததா?

டேவிட் கார்ட் 1990-இல் மயாமியை வேறு நான்கு நகரங்களோடு ஒப்பிட்டு, சரியவில்லை என்றார். 2017-இல் ஜார்ஜ் போர்ஹாஸ், உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களின் கூலி 10 முதல் 30 சதவீதம் வரை விழுந்தது என்றார்.

இந்த இடத்தில்தான் உறுதிச் சோதனை தேவைப்படுகிறது. ஆய்வாளர் எடுத்த முடிவுகளில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பதுதான் அது. போர்ஹாஸ் கணக்கில் எடுத்தது 25 முதல் 59 வயது வரையுள்ள, ஸ்பானிய வம்சாவளி அல்லாத ஆண்களை மட்டும். அதற்குக் காரணமும் இருந்தது. வந்தவர்களில் சுமார் 60 சதவீதத்தினர் பள்ளியை முடிக்காதவர்கள். ஆகவே போட்டி அந்த மட்டத்தில்தான் கடுமையாக இருந்திருக்கும். அந்த ஆண்டுகளில் பெண்கள் பெருமளவில் வேலைக்கு வரத் தொடங்கியிருந்ததால், அவர்களைச் சேர்த்தால் கணக்கு குழம்பும் என்பது அவர் வாதம்.

ஒப்பிடும் நகரங்களை மாற்றினால் சரிவின் அளவு மாறுகிறது. ஆனால் சரிவு மறையவில்லை. ஆட்களை மாற்றினால் கதை வேறு. ஜொவானி பெரியும் வசில் யாசெனோவும் பெண்களையும், இளையவர்களையும், கியூபர் அல்லாத ஸ்பானிய வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். அளவில் பெரிய கருத்தாய்வுத் தரவையும் பயன்படுத்தினார்கள். குறிப்பிடும்படியான சரிவு எதுவும் மிஞ்சவில்லை. மைக்கேல் கிளெமன்ஸும் ஜெனிஃபர் ஹன்ட்டும் இன்னொன்றைக் கவனித்தார்கள். 1980-ஐ ஒட்டி, அதுவரை கணக்கில் விடுபட்டுவந்த கறுப்பின ஆண்களைக் கூடுதலாகச் சேர்க்க அரசுக் கருத்தாய்வு முயன்றிருந்தது. அவர்களின் கூலி முன்பிருந்தே குறைவு. ஆகவே ஒருவர் கூலியும் குறையாமலேயே குழுவின் சராசரி இறங்கியிருக்க முடியும்.

இத்தகைய முடிவை “எங்கள் முடிவுகள் உறுதியானவை” என்று ஒரே வரியில் கடந்துபோவது வாசகருக்கு அநீதி. எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம், எண் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று எழுத வேண்டும். மயாமி விஷயத்தில் நேர்மையான வாசகம் இப்படி இருக்கும்: குறைந்த படிப்புள்ளவர்களை ஆண், பெண் எனப் பிரிக்காமல் மொத்தமாகப் பார்த்தால் கூலி சரியவில்லை; வெவ்வேறு தரவிலும் முறையிலும் இது நிற்கிறது. பள்ளியை முடிக்காத ஆண்களின் சரிவு, நகரங்களை மாற்றினாலும் நிற்கிறது. ஆட்களை மாற்றினால் நிற்பதில்லை.

அட்டவணையில் நட்சத்திரக் குறி மறைந்ததை மட்டும் பார்த்து, முடிவு பொய்த்தது என்று சொல்லிவிடவும் கூடாது. எண் பூஜ்யத்துக்கு அருகே போனதா, அல்லது அதே இடத்தில் இருக்க, பிழை எல்லை மட்டும் விரிந்ததா என்று பார்க்க வேண்டும். போர்ஹாஸின் குறுகிய குழுவில் மயாமியிலிருந்து ஆண்டுக்குச் சுமார் இருபது பேரே இருந்தார்கள். இருபது பேரின் சராசரியை வைத்துக்கொண்டு அந்தக் குழுவின் கூலி விழுந்தது என்றும் அடித்துச் சொல்ல முடியாது, விழவில்லை என்றும் சொல்ல முடியாது.