வீட்டிலிருந்து ஆய்விதழ் வாசிப்பு: வி.பி.என். இணைப்பும் நுழைவுச் சிக்கல்களும்

பல்கலைக்கழகம் சந்தா செலுத்தும் ஆய்விதழ்களை வீட்டிலிருந்து வாசிப்பது, பதிவு பெற்ற மாணவருக்குப் பெரும்பாலான உரிம ஒப்பந்தங்கள் அளிக்கும் உரிமையாகும். ஆனால் பதிப்பகத்தின் தளம், வருபவர் வளாகத்தைச் சேர்ந்தவரா என்பதைப் பெரும்பாலும் அவருடைய இணைய இணைப்புக்குரிய எண்ணான ஐ.பி. முகவரியைக் கொண்டே அறிவதால், ஷா ஆலம் வீட்டு இணைப்பில் வருபவர் அதற்கு வெளியாளாகவே தெரிகிறார். கணினிக்கும் வளாகத்துக்கும் இடையே மறையாக்கம் செய்யப்பட்ட தடம் அமைத்து, வளாக முகவரியை அவருக்குத் தருவதே வி.பி.என். எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்பின் பணி.

செக்‌ஷன் 13-இல் தங்கியுள்ள ஒரு மாணவர் வி.பி.என்.-இல் நுழைந்து, "இணைக்கப்பட்டது" என்ற செய்தியையும் கண்ட பிறகு, கட்டுரைப் பக்கம் அவரிடம் பணம் கேட்கிறது என்று கொள்வோம். கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டதால் அதை மீண்டும் மீண்டும் மாற்றுவதில் பயனில்லை. பல வளாகங்களில் உள் சேவையகங்களுக்கான போக்குவரத்து மட்டுமே அந்தத் தடத்தில் செல்லும். மற்றவை வீட்டு இணைப்பிலேயே நேராகச் செல்லும். இணைப்பதற்கு முன்னும் பின்னும் ஐ.பி. முகவரியைக் காட்டும் தளமொன்றைத் திறந்து பார்த்து, எண் மாறாதிருந்தால் இதுவே காரணம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்போது முழுப் போக்குவரத்தையும் அனுப்பும் இணைப்பு வகை இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம்; இல்லையெனில் தேடுபொறி வழியே செல்லாமல், நூலகத் தளத்தின் தரவுத்தளப் பட்டியலிலிருந்து கட்டுரைக்குச் செல்ல வேண்டும். அப்பட்டியலின் இணைப்புகள் பெரும்பாலும் நூலகத்தின் இடைச்சேவையகம் வழியே செல்வதால், வளாக முகவரி அங்கேயே கிடைத்துவிடும். எண் மாறியும் பணம் கேட்கப்பட்டால், அந்த இதழோ ஆண்டோ சந்தாவில் இல்லாதிருக்கக்கூடும். அதை நூலகரே உறுதிப்படுத்த முடியும்.

இதைவிடப் பெரிய கேடு போலி நுழைவுப் பக்கமாகும். ஈரானின் மாப்னா நிறுவனத்தோடு தொடர்புடைய ஒன்பது பேர்மீது 2018 மார்ச்சில் அமெரிக்கா சுமத்திய குற்றச்சாட்டின்படி, மலேசியா உட்படப் பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் குறிவைக்கப்பட்டன. பேராசிரியர்களின் கடவுச்சொற்கள் திருடப்பட்டு, அவற்றால் திறக்கும் இதழ் அணுகல் விற்கப்பட்டது. "உங்கள் நூலகக் கணக்கு காலாவதியாகிறது" என்று அஞ்சல் வந்தால், அதிலுள்ள இணைப்பைத் தொடாமல் நூலக முகவரியைத் தாமே தட்டெழுதி நுழைவதே பாதுகாப்பு.

நண்பருக்கு உதவுவதாக எண்ணிக் கடவுச்சொல்லைத் தருவதும் சிறு பிழையன்று. அதைப் பெற உரிமையில்லாதவருக்குத் தெரிவிப்பது, 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, 25,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றமாகும். அந்தக் கணக்கிலிருந்து எவரேனும் கட்டுரைகளை மொத்தமாகப் பதிவிறக்கினால், பதிப்பகம் வளாக முகவரியையே முடக்கக்கூடும். அதனால் தேர்வு நெருங்கும் வேளையில் அனைவரும் பாதிக்கப்படுவர்.

போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லை இட்டுவிட்டவர் உடனே உண்மையான தளத்தில் அதை மாற்றி, அதே சொல்லைப் பயன்படுத்தும் பிற கணக்குகளிலும் மாற்றி, பல்கலைக்கழகத் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் திறந்துள்ள நுழைவுகள் அனைத்தையும் மூடுமாறு கேட்க வேண்டும். சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 பிரிவிலும் முறையிடலாம். வங்கி விவரமும் போயிருந்தால் தம் வங்கியையோ 997 என்ற எண்ணையோ தாமதமின்றி அழைக்க வேண்டும்.