துண்டு துண்டாய் ஒரு விளம்பரம்

செய்தித் தளத்தைச் செல்பேசியில் படிக்கும்போது திரையின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும் ஒல்லியான விளம்பரப் பட்டை 320 பிக்சல் அகலம், 50 பிக்சல் உயரம். அதே தளத்தைக் கணினியில் திறந்தால் ஓரமாக 300-க்கு 250 அளவில் ஒரு பெட்டி இருக்கும். 160-க்கு 600 என்று நெட்டையாக ஒன்றும் நிற்கும். முன்பு விளம்பரம் தருபவர் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாகப் படம் வரைந்து வாங்க வேண்டும். கூகுள் ஆட்ஸில் உள்ள ‘ரெஸ்பான்சிவ் டிஸ்பிளே’ விளம்பரம் அந்த வேலையைத் தலைகீழாக்கியது. இங்கே முழு விளம்பரத்தை யாரும் தருவதில்லை. படம், லோகோ, தலைப்பு, விளக்கம் என்று உதிரியாகக் கொடுத்துவிட்டால், காலியாக இருக்கும் இடத்துக்கு ஏற்பச் சேர்த்துக் காட்டுவது கணினியின் பொறுப்பு.

சென்னிமலைக் கைத்தறிப் போர்வையை இணையத்தில் விற்கும் ஒரு சிறிய கடை என்று வைத்துக்கொள்வோம். அகலப் படம் ஒன்றும் சதுரப் படம் ஒன்றும் கட்டாயம் வேண்டும். அகலத்துக்கு 1200-க்கு 628, சதுரத்துக்கு 1200-க்கு 1200 பிக்சல் இருந்தால் நல்லது. படங்களை மொத்தம் 15 வரை ஏற்றலாம். கடையின் பெயருக்கு 25 எழுத்துகள். குறுந்தலைப்புகள் ஐந்து வரை, ஒவ்வொன்றும் 30 எழுத்துகளுக்குள். 90 எழுத்துகளில் ஒரு நீளத் தலைப்பு, அதே 90-இல் ஐந்து வரை விளக்கங்கள். தமிழில் எழுதினால் அந்த 30 சீக்கிரமே தீர்ந்துவிடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிக்கல் எழுத்தில்தான் தொடங்குகிறது. கடைக்காரர் ‘வாங்க மூன்று காரணங்கள்’ என்று தலைப்பிட்டு, விளக்கத்தில் ‘நெசவு, சாயம், விலை’ என்று எழுதுகிறார். தாளில் படித்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒல்லிப் பட்டையில் விளக்கத்துக்கு இடமில்லை. அங்கே தலைப்பு மட்டும் தனியாக வந்தால், எதை வாங்க என்பதே யாருக்கும் புரியாது. ‘கைத்தறிப் போர்வை ரூ.899’ என்பது அப்படி அல்ல. தனியாக நின்றாலும் பேசும், எந்த விளக்கத்தோடு சேர்த்தாலும் முரண்டு பிடிக்காது. நீளத் தலைப்பும் சில இடங்களில் விளக்கம் இல்லாமல் வரும், சில இடங்களில் பாதியில் வெட்டுப்படும். அதனால் முக்கியமான சொல் முன்னால் வர வேண்டும்.

ஐந்து தலைப்புகளிலும் ‘சிறந்த போர்வை’, ‘அருமையான போர்வை’ என்று ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கணினிக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சாது. ஒன்றில் விலை, ஒன்றில் ஊர், ஒன்றில் இலவச டெலிவரி என்று பிரித்துக் கொடுத்தால்தான் எது ஆட்களை இழுக்கிறது என்று அதனால் கண்டுபிடிக்க முடியும்.

படத்தில் வரும் தப்பு வேறு வகை. பழைய நோட்டீஸ் பழக்கத்தில் போர்வைப் படத்தின் மேலேயே கடைப் பெயர், விலை, ‘இன்றே வாங்குங்கள்’ என்ற பொத்தான் எல்லாவற்றையும் பொறித்துவிடுகிறார்கள். பக்கத்தில் கணினி தன் பங்குக்குத் தலைப்பையும் பொத்தானையும் வைக்கும். ஒரே சேதி இரண்டு முறை வந்து நிற்கும். சின்ன இடத்தில் படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் படிக்கவும் முடியாது. எழுத்தே இல்லாமல், கட்டிலில் விரித்த போர்வை நடுவில் தெரியும் படம் போதும். நடுவில் என்று சொல்லக் காரணம், சில இடங்களில் அகலப் படத்தின் பக்கங்கள் கொஞ்சம் வெட்டுப்படும். போர்வையின் கரையழகை ஓரத்தில் வைத்து எடுத்திருந்தால் போவது அந்தக் கரைதான்.

லோகோவும் கவனிக்க வேண்டியதே. பின்னணி இல்லாத வெள்ளை லோகோ, வெள்ளைப் பெட்டியில் விழுந்தால் காணாமல் போய்விடும். லோகோவே கொடுக்காவிட்டால் கடைப் பெயரின் முதல் எழுத்தோ பொதுவான ஒரு சின்னமோ அங்கே வந்து உட்காரும்.

எந்தச் சேர்க்கையைக் காட்டுவது என்பதை, இதுவரை எது க்ளிக்கையும் விற்பனையையும் கொண்டுவந்தது என்ற கணக்கை வைத்துக் கணினி ஊகிக்கிறது. ஊகத்துக்குத் தரவு வேண்டும். 15 படம், 5 தலைப்பு, 5 விளக்கம் கொடுத்தாலே 375 சேர்க்கைகள். தினம் சில நூறு ரூபாய் மட்டும் செலவழிக்கும் கடைக்கு அத்தனையையும் சோதித்துப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும். நான்கைந்து நல்ல படங்களோடு தொடங்குவதே என் யோசனை. விளம்பரத்தை அமைக்கும் திரையிலேயே முன்னோட்டம் தெரியும். அதில் செல்பேசிப் பட்டையையும், படமே இல்லாத எழுத்து விளம்பரத்தையும் தேடிப் பாருங்கள். அசடு வழிவது பெரும்பாலும் அங்கேதான்.

தேடல் விளம்பரத்தில் ஒரு தலைப்பை இன்ன இடத்தில்தான் வர வேண்டும் என்று நிறுத்திவைக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை. ‘ரூ.899’ ஒரு தலைப்பிலும் ‘இரண்டு வாங்கினால் மட்டும்’ விளக்கத்திலும் இருந்தால், நிபந்தனை இல்லாத விலையைப் பார்த்து வருபவர் சண்டைக்கு நிற்பார். இரண்டையும் ஒரே துண்டுக்குள் எழுத வேண்டும். அதற்கும் இடம் போதாதென்றால், முழுதாக வரைந்த படத்தையே 150 கேபிக்குள் சுருக்கி, அளவு வாரியாகத் தனித்தனியே ஏற்றுவதுதான் வழி.